டைப் 1 நீரிழிவு வந்திருக்கும் 8 வயசுப் பையனுக்குத் தாய்மாமன் என்ன வாங்கித் தரலாம்?

ஈசூன் மாமா

எல்லாருக்கும் வணக்கம். அக்கா பையனுக்கு 8 வயசு, தொடக்கநிலை 2 படிக்கிறான். போன மாசம் ஓயாம தண்ணி குடிக்கிறான், ராத்திரி படுக்கையை நனைக்கிறான்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்கே மருத்துவமனையில சேர்த்துட்டாங்க. டைப் 1 நீரிழிவு. இப்ப வீட்டுக்கு வந்துட்டான். தினமும் நாலு இன்சுலின் ஊசி, கையில சுகரை அளக்கிற சென்சார்.

ஊசிக்கெல்லாம் அவ்வளவா அழறதில்லை. எங்களுக்குக் கவலை வேற. முன்னாடி சாயந்திரமானா லிஃப்ட்ல தனியா இறங்கி புளோக் கீழ இருக்கிற விளையாட்டு மைதானத்துக்கு ஓடிருவான். இப்ப அம்மா சமையலறைக்குப் போனாக்கூடப் பின்னாடியே போறான். ஒருநாள் சுகர் ரொம்ப இறங்கி லோ ஆகி கை காலெல்லாம் நடுங்கிப் போச்சு, அதுலேர்ந்துதான் இப்படி. நீச்சல் வகுப்புக்கும் வரமாட்டேன்னு சொல்லிட்டான்.

இன்னும் ரெண்டு வாரத்துல பிறந்தநாள். தாய்மாமன் நான், வெறும் விளையாட்டு சாமான் வாங்கிக் கொடுத்துட்டு வர மனசில்லை. அவனுக்குப் பழைய தைரியம் வர்ற மாதிரி ஏதாவது செய்யணும். 100 வெள்ளி வரைக்கும் செலவு பண்ணலாம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ராஜகோபால் புக்கிட் பாத்தோக்

தம்பி, கவலைப்படாதீங்க. எனக்கும் இருபது வருஷமா நீரிழிவு இருக்கு. பழுப்பரிசிக்கு மாறினேன், காலையில பாகற்காய்ச் சாறு, தினமும் ஒரு மணி நேரம் நடை. மாத்திரையைப் பாதியாக் குறைச்சிட்டாங்க. பையனுக்கு நல்ல நடைக் காலணி வாங்கிக் கொடுங்க. இனிப்பை வீட்டிலேயே வைக்காதீங்க. சின்ன வயசுதான, கட்டுப்பாடா இருந்தா ஊசியை நிறுத்திரலாம்.

தாதி மங்கை

ராஜகோபால் ஐயா, உங்களுக்கு இருக்கிறது டைப் 2. நடையும் உணவும் அதுக்கு நிஜமாவே உதவும், நீங்க செஞ்சிருக்கிறது நல்ல காரியம். இந்தப் பையன் கதை வேற. இன்சுலின் சுரக்கிற செல்களை அவனோட உடம்பே அழிச்சிருக்கு. அவன் இனிப்பு சாப்பிட்டதாலயும் வரலை, இனிப்பை விட்டா போகவும் போகாது. ஊசியை நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்லயே உயிருக்கு ஆபத்து.

இன்னொன்னு, ஈசூன் தம்பி இதை வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கணும். ஊசி ஆரம்பிச்ச சில வாரத்துல நிறைய பிள்ளைகளுக்கு இன்சுலின் தேவை திடீர்னு குறையும். மிச்சமிருக்கிற செல்கள் கொஞ்ச காலம் தலைதூக்கும், அவ்வளவுதான். சிலருக்கு மாசக்கணக்கில கூட நீடிக்கும். சொந்தக்காரங்க அதைப் பார்த்துட்டு ‘குணமாயிருச்சு’ன்னு பையன் காதுபடப் பேசுவாங்க. அப்புறம் தேவை மறுபடி ஏறும்போது, தான் ஏதோ தப்புப் பண்ணிட்டதா அவன் நினைச்சுக்குவான்.

பரிசு பத்தி நாளைக்கு விரிவா எழுதுறேன். குழந்தைகள் வார்டுல பல வருஷம் வேலை பார்த்தவ நான், இப்ப ஓய்வில இருக்கேன்.

செங்காங் சிவா

மச்சான், யோசிக்காம ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுங்க. சென்சார் அளவு நேரா வாட்ச்ல தெரியும். பையன் கையைத் திருப்பிப் பார்த்தாப் போதும், எங்க வேணாலும் தைரியமாப் போவான். அக்காவும் தன் ஃபோன்ல பார்த்துக்கலாம்.

பாலிடெக் நிலா

எனக்கு 9 வயசுல டைப் 1 வந்தது, இப்ப பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். அந்த வருஷப் பிறந்தநாளுக்கு எனக்கு வந்த பரிசுல பாதி சர்க்கரையில்லா மிட்டாய், சர்க்கரையில்லா சாக்லேட். எல்லாரும் அன்பாத்தான் கொடுத்தாங்க. ஆனா அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போது, நான் இனிமே வேற மாதிரி ஆளுன்னு எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அதுல மால்டிடால் மாதிரி சர்க்கரைக்குப் பதில் சேர்க்கிறது இருக்கும், நிறைய தின்னா வயிறு கலக்கிக் கழிச்சல் வரும். லோ ஆனா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. தயவுசெஞ்சு அது மட்டும் வேண்டாம் அண்ணா. பிறந்தநாள் கேக் எல்லாரும் சாப்பிடுற கேக்காவே இருக்கட்டும். அதுக்கு ஏத்த இன்சுலின் போட்டுட்டு அவனும் ஒரு துண்டு சாப்பிடலாம்.

எனக்குப் பிடிச்ச ஒரே பரிசு எங்க சித்தி கொடுத்த இடுப்புப் பை. சிவப்பு, நிறைய ஜிப். அதுக்குள்ள என்ன இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். வீட்ல வேற யாரும் அதைத் திறக்கக் கூடாதுன்னு சித்தி சொல்லிட்டுப் போனாங்க.

சிவா அண்ணா சொன்ன வாட்ச் பத்தி: வசதியானதுதான், எங்கிட்டயும் இருக்கு. ஆனா பெரும்பாலான சென்சாருக்குப் பக்கத்துல ஃபோன் இருந்தாத்தான் வாட்ச்ல எண் வரும். தொடக்கப்பள்ளியில பள்ளி நேரத்துல ஃபோன், ஸ்மார்ட் வாட்ச் ரெண்டையும் எடுத்து வச்சிரணும். மருத்துவக் காரணம்னு பள்ளிகிட்டப் பேசி அனுமதி வாங்கணும்.

தாதி மங்கை

நிலா சொன்ன பையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கும் அதுதான் முதல் யோசனை.

தம்பி, பையன் பயப்படுறது லோவுக்கு. நடுங்கினப்போ அம்மா வந்து காப்பாத்தினாங்க, அதனால அம்மா இல்லாத இடம் ஆபத்துன்னு அவன் மனசுல பதிஞ்சிருச்சு. ‘நீ தைரியமான பையன்’னு ஆயிரம் தடவை சொன்னாலும் அது போகாது. லோவை நானே சரி பண்ணுவேன்னு அவன் கை கத்துக்கணும். எட்டு வயசுல அது முடியும். ஊசி அளவை முடிவு பண்றது முடியாது, அதை அவன் தலையில வைக்கவும் கூடாது.

அதனால ஒரு பை வாங்குங்க. அதுக்குள்ள முதல்ல குளுக்கோஸ் மாத்திரை. பெரியவங்களுக்கு 15 கிராம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கும், சின்னப் பிள்ளைக்கு அது அதிகம். உடல் எடையில கிலோவுக்கு 0.3 கிராம்னு கணக்கு. பையன் 25 கிலோன்னா ஏழரை கிராம். கடையில கிடைக்கிற மாத்திரை பெரும்பாலும் ஒண்ணு 4 கிராம், ஆக ரெண்டு மாத்திரை. அவன் மருத்துவக் குழு வேற அளவு எழுதிக் கொடுத்திருந்தா அதுதான் சட்டம். சுகர் 4.0க்குக் கீழ போனா ரெண்டு மாத்திரை மென்னு சாப்பிடணும், ஒரு பெரியவர்கிட்டச் சொல்லணும், உட்காரணும், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். இந்த நாலு வேலையும் படமா வரைஞ்ச ஒரு அட்டை பைக்குள்ள இருக்கட்டும். படத்தை அவனே வரையட்டும்.

15 நிமிஷம் கழிச்சு விரல் குத்திப் பார்க்கச் சொல்லுங்க. சென்சார் தோலுக்கடியில இருக்கிற திரவத்துல அளக்குது, ரத்தத்தை விடப் பல நிமிஷம் பின்தங்கும். ரத்தத்துல ஏறியிருக்கும், சென்சார் இன்னும் 3.6னு காட்டும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மறுபடி சாப்பிட்டா, ஒரு மணி நேரத்துல 15க்கு மேல போய் நிக்கும்.

அடுத்தது ஒத்திகை. இதைச் செய்யாம பை மட்டும் வாங்கிக் கொடுத்தா பிரயோஜனம் கிடையாது. சுகர் நல்லா இருக்கிற நேரத்துல, அவனைக் கை நனைச்சுக்கச் சொல்லிட்டு மாத்திரைக் குப்பியைத் திறக்கச் சொல்லுங்க. பல குப்பி மூடி ஈரக்கையில வழுக்கும், நடுங்கும்போது திறக்கவே வராது. வரலைன்னா நழுவாத டப்பாவுக்கு மாத்துங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துல மாத்திரை சீக்கிரம் நமுத்துப் போகும், அதனால டப்பா இறுக்கமாவும் மூடணும், அவன் கைக்கும் திறக்கணும். கடையில வாங்கும்போது நீங்களே ரெண்டு மூணு திறந்து பாருங்க.

ஈசூன் மாமா

அக்கா, ரொம்ப நன்றி. பையன் 25 கிலோதான், சரியாச் சொன்னீங்க. அவங்க கொடுத்த தாளிலயும் ரெண்டு மாத்திரைன்னுதான் இருக்கு. இப்போதைக்குப் பள்ளிப் பையில ஒரு பாக்கெட் பானம் வச்சு அனுப்புறாங்க. பாட்டி வாங்கி வச்சது. அது போதாதா?

தாதி மங்கை

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க தம்பி. 2022 டிசம்பர் கடைசியிலேர்ந்து இங்க சிங்கப்பூர்ல பானங்களுக்கு நியூட்ரி-கிரேடு தரம் போடுறாங்க, ஏ, பி, சி, டின்னு. 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தா டி. 5க்கு மேல 10 வரைக்கும் சி. அதுக்குப் பிறகு நிறைய கம்பெனி சர்க்கரையைக் குறைச்சிருச்சு. மத்தவங்களுக்கு நல்லது. ஆனா ‘இந்தப் பானம் லோவுக்கு நல்லா வேலை செய்யும்’னு நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யாராவது சொன்னதை நம்பி இன்னைக்கு வாங்கக் கூடாது. பாட்டி பேரன் நல்லதுக்குன்னு குறைஞ்ச சர்க்கரைப் பாக்கெட்டாப் பார்த்து வாங்கியிருப்பாங்க, நான் வார்டுல அடிக்கடி பார்த்தது இது.

கணக்கு லேசு. அவனுக்கு 8 கிராம் வேணும். 100 மில்லிக்கு 10 கிராம் இருந்தா 80 மில்லி, சின்ன பாக்கெட்டுல பாதி கூட வேண்டாம். 5 கிராம்னா 160 மில்லி குடிக்கணும். அதையும் குடிச்சு முடிக்க அவனுக்கு நேரமாகும். சர்க்கரையே இல்லாத பானம் தண்ணிக்குச் சமம். மைலோவும் சாக்லேட்டும் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும்.

அவனைக் கூட்டிட்டு ஃபேர்பிரைஸ் போங்க. சரியான பானத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். அலமாரியில டி எங்க இருக்கு, சி எங்க இருக்குன்னு தேடுறது எட்டு வயசுக்குப் பிடிக்கும். கண்டுபிடிச்சதும் எவ்வளவு குடிக்கணுமோ அந்த இடத்துல பேனாவால ஒரு கோடு போட்டுக்கட்டும்.

ஜூரோங் வெஸ்ட் அப்பா

எல்லாம் சரி, ஒரு எச்சரிக்கை சொல்லணும். என் மகளுக்கு இப்ப 15. 7 வயசுல வந்தது. புத்திசாலின்னு 10 வயசுலயே எல்லாத்தையும் அவ கையில விட்டுட்டோம். எண்ணிக்கை, ஊசி, பதிவேடு எல்லாம். எல்லாரும் பாராட்டினாங்க. 13 வயசுல சலிச்சுப் போய் மதிய ஊசியை விட ஆரம்பிச்சா. ரெண்டு மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டுற எச்பிஏ1சி ஏறினப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சது. தன்னம்பிக்கைங்கிற பேர்ல வேலையைப் பிள்ளை தலையில கட்டக் கூடாது. விளையாட்டுச் சாமானே வாங்கிக் கொடுங்க, லெகோ வாங்கிக் கொடுங்க. நோயைப் பரிசா மாத்தாதீங்க.

பாலிடெக் நிலா

அங்கிள் சொல்றதுல பாதி எனக்கும் சரின்னு படுது. பிறந்தநாள்ல வர்ற எல்லாமே நீரிழிவு சாமானா இருந்தா அழுகைதான் வரும். ஒண்ணு அதுக்கு, ஒண்ணு சும்மா சந்தோஷத்துக்குன்னு கொடுங்க. ஆனா பை இல்லாம லெகோ மட்டும் வந்திருந்தா நான் பள்ளி முகாமுக்குப் போயிருக்கவே மாட்டேன்.

தாதி மங்கை

ஜூரோங் வெஸ்ட் தம்பி, உங்க மக கதையை நான் பல வீட்ல கேட்டிருக்கேன். நீங்க சொன்னது ரொம்ப முக்கியம். ஊசி அளவும் பதிவும் பதின்ம வயசு வரைக்கும் பெரியவங்க கையிலதான் இருக்கணும், அதுக்கப்புறமும் பக்கத்துல இருக்கணும். எட்டு வயசுல கொடுக்கலாம்னு நான் சொல்றது அதே அஞ்சு நிமிஷத்துல தொடங்கி முடியிற வேலை மட்டும். பையை நிரப்புறது, ஊசி போடுற இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது, சோறு எடை போடுறது. ஒருநாள் செய்யலைன்னா யாரும் திட்டக் கூடாது, அம்மா செஞ்சிட்டுப் போவாங்க.

இடத்தைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு ஒரு பொம்மை யோசனை. அமெரிக்காவுல டைப் 1 பிள்ளைகளுக்கு ரூஃபஸ்னு ஒரு கரடி கொடுப்பாங்க, ஊசி போடுற இடத்துலயெல்லாம் துணி ஒட்டுப் போட்டிருக்கும். இங்க தேட வேண்டாம், அவன்கிட்ட ஏற்கெனவே இருக்கிற பொம்மை போதும். பாட்டிக்குத் தைக்கத் தெரிஞ்சா வயித்துல ரெண்டு, தொடையில ரெண்டு, பின்பக்கம் ரெண்டுன்னு வேற வேற நிறத்துல ஒட்டுத் துணி வச்சுத் தைச்சுத் தரச் சொல்லுங்க. தினமும் ஒரு வெல்க்ரோ வட்டத்தை அடுத்த ஒட்டுக்கு மாத்திட்டு, ‘இன்னைக்கு இங்க’ன்னு அவன் சொல்லணும். பிள்ளைகள் வலிக்காத ஒரே இடத்தைப் பிடிச்சுக்குவாங்க. அதே இடத்துல போட்டுட்டே இருந்தா தோலுக்கடியில கொழுப்பு கட்டி மாதிரி திரளும், இன்சுலின் ஒருநாள் ஏறும் ஒருநாள் ஏறாது, சுகர் ஏன் ஆடுதுன்னு வீடே குழம்பும். இங்க போடுங்கன்னு அவனே சொல்றப்போ ஊசி நேரத்துச் சண்டை பாதியாக் குறையும். பொம்மைக்கு நிஜ ஊசியைக் கொடுத்துராதீங்க, கழட்டின சென்சாரோட போடுகருவியையும் விளையாடக் கொடுக்காதீங்க, உள்ள ஊசி இருக்கும்.

செங்காங் சிவா

சென்சார் மேல ஒட்டுற ஸ்டிக்கர் விக்கிறாங்களே, டைனோசர், ராக்கெட் எல்லாம். அது எப்படி? 100 வெள்ளியில மிச்சமிருக்கும்.

பாலிடெக் நிலா

பிள்ளைகளுக்குப் பிடிக்கும் அண்ணா. லிப்ரே சென்சார்னா நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதை மூடாத ஸ்டிக்கரா வாங்கணும். முதல்ல ஒண்ணே ஒண்ணு ஒட்டிப் பாருங்க. எனக்குச் சில பசை அரிச்சுச் சிவந்து போச்சு, வியர்வையில இன்னும் மோசம். அப்புறம், அவன் சென்சாரை மறைக்க நினைக்கிறானா காட்ட நினைக்கிறானான்னு கேட்டுட்டு வாங்குங்க. சிலருக்குச் சட்டைக் கைக்குள்ள இருந்தாத்தான் நிம்மதி.

தெலுக் பிளாங்கா கவிதா

சோறு எடை போடுறதுன்னு மங்கை அக்கா சொன்னீங்களே, அது என்ன? நான் கேட்கிறது என் தங்கச்சி பொண்ணுக்காக.

தாதி மங்கை

சமையலறைத் தராசு, 20 வெள்ளிக்கே நல்லது கிடைக்கும். ஒரு கிராம் துல்லியம் இருந்தாப் போதும், தட்டோட எடையைக் கழிக்கிற பொத்தான் கண்டிப்பா வேணும்.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராம்ல சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மதியச் சாப்பாட்டுல அவன் தட்டை வச்சு எடையைக் கழிச்சிட்டு, சோறு போட்ட பிறகு யாரும் தராசைப் பார்க்காம ஆளுக்கொரு எடை ஊகிக்கணும். அம்மா 180ன்னு சொல்வாங்க, மாமா 120ன்னு சொல்வீங்க, அவன் 150ன்னு சொல்வான். அப்புறம் தராசைத் திருப்பணும். 146ன்னு வச்சுக்குங்க. 28ஐ ஒண்ணரை மடங்காக்கினா 42, கொஞ்சம் குறைச்சு 41. அந்த 41ஐ அம்மாகிட்டச் சொல்றது அவன் வேலை. அதுக்கு எத்தனை யூனிட் இன்சுலின்னு முடிவு பண்ணி ஊசியை எடுக்கிறது அம்மா வேலை. தொடக்கநிலை 2 பையனுக்குக் கணக்கு வராதுன்னா, 50 கிராம் சோத்துக்கு 14னு ஒரு அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில ஒட்டி வைங்க.

கொஞ்ச நாள்ல பிள்ளைங்க பெரியவங்களை விட நல்லா ஊகிக்கும். சொந்தக்காரர் வீட்ல, விசேஷத்துல, தட்டைப் பார்த்ததும் ‘இது 40 இருக்கும்மா’ன்னு சொல்ல ஆரம்பிச்சிரும். இட்லிதான் நல்ல பயிற்சி, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு. 45 கிராம் இட்லியில 11 கிராம் கிட்ட வரும். புரோட்டா மட்டும் ஏமாத்தும். மாவுச்சத்தைச் சரியா எண்ணியிருப்பீங்க, ஆனா எண்ணெய் சேர்ந்ததால மூணு நாலு மணி நேரம் கழிச்சுத்தான் சுகர் ஏறும். அப்ப பையன் எண்ணினது தப்புன்னு சொல்லிராதீங்க.

ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும் இந்த விளையாட்டு. மூணு வேளையும் தராசை நீட்டினா சாப்பாட்டு மேலயே வெறுப்பு வரும். டைப் 1 பிள்ளைகளுக்குப் பதின்ம வயசுல உணவுக் கோளாறு வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம்னு எங்களுக்குத் தெரியும். பசியோட இருக்கிற பிள்ளையைத் தட்டு முன்னாடி காக்க வைக்கவும் வேண்டாம்.

எண்ணைப் பத்தி இன்னொன்னு. 6ன்னு வந்தா ‘குட் பாய்’, 14ன்னு வந்தா ‘என்னடா தின்ன?’ன்னு கேட்கிற வீட்ல பையன் எண்ணை மறைக்கக் கத்துக்குவான். 14ன்னா 14. பார்த்தியா, சொன்னியா, அதுக்குத்தான் நன்றி.

அங் மோ கியோ ரேவதி

ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. எங்க மாமியார் தஞ்சாவூர்லேர்ந்து வீடியோல பார்த்துட்டு, ‘5.6 தான் இருக்கா? செத்துருவானே’ன்னு பையன் முன்னாடியே அலறிட்டாங்க. அங்க அளக்கிற முறை வேற, 18ஆல பெருக்கணும். 5.6ன்னா 100 கிட்ட. அன்னைக்கு ராத்திரி முழுக்க என் மகன் தூங்கலை.

ஈசூன் மாமா

பிறந்தநாள் முடிஞ்சது, வந்து சொல்லணும்னு எழுதுறேன். இடுப்புப் பை, தராசு, கூடவே ஜூரோங் வெஸ்ட் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு லெகோ. முதல்ல திறந்தது லெகோதான். பொம்மைக்கு ஒட்டுப் போடுறேன்னு பாட்டி கேட்டதுக்கு, ‘நான் என்ன பாப்பாவா?’ன்னு சொல்லிட்டான், அதனால அது இல்லை. இப்ப ஒரு காகித மனுஷன் வரைஞ்சு அதுல காந்த வில்லையை நகர்த்துறான்.

கடையில வாங்கின குப்பி ஈரக்கையில திறக்கலை, மங்கை அக்கா சொன்னது சரி. அழுத்தினா ‘டப்’னு திறக்கிற சின்ன டப்பாவை அவனே அலமாரியிலேர்ந்து தேடி எடுத்துட்டு வந்தான். ஃபேர்பிரைஸ்ல பானம் தேடினோம். கால் மணி நேரம் ஒவ்வொரு பாக்கெட்டாத் திருப்பிப் பார்த்துட்டு, பாட்டி வாங்கினதுல 100 மில்லிக்கு 4 கிராம்தான் இருக்குன்னு அவனே கண்டுபிடிச்சு ஃபோன்ல பாட்டிகிட்டச் சொன்னான்.

நேத்து நீச்சலுக்குப் போனோம். வகுப்பு 4 மணிக்கு. சாப்பாட்டு ஊசி 12 மணிக்கே போட்டதால அதோட வேகம் பெரும்பாலும் அடங்கியிருக்கும்னு மருத்துவமனையில சொன்னாங்க. 3:40க்குச் சென்சார் 6.1, இன்னும் இறங்குதுன்னு அம்பு கீழ நோக்கி. விரல் குத்தினா 5.8. தண்ணிக்குள்ள இறங்க 7க்கு மேல இருக்கணும்னு அவங்க தாள்ல இருக்கு. அக்கா வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி பையன் டப்பாவைத் திறந்து ரெண்டு எடுத்து மென்னுட்டு, பெஞ்சுல உட்கார்ந்துட்டான். 4:05க்கு 7.3. பயிற்றுநர்கிட்டப் போய், ‘நான் லோ ஆனா மேல ஏறி வந்துருவேன், என் பை அங்க இருக்கு’ன்னு காட்டினான். தண்ணிக்குள்ள சென்சார் ஃபோனுக்கு எதையும் அனுப்பாதுன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனால பாதியில ஒருதடவை வெளிய வந்து பார்த்தோம், 6.6. பத்து நிமிஷம் ஓரமா உட்கார்ந்து கொஞ்சம் பிஸ்கட் சாப்பிட்டுட்டுத் திரும்ப இறங்கினான்.

இன்னும் சமையலறைக்குப் பின்னாடியே வர்றான், லிஃப்ட்ல தனியாப் போகலை. இன்னொரு கேள்வி இருக்கு. வகுப்புப் பிள்ளைகள்கிட்டச் சொல்றதா வேண்டாமா? அக்கா சொல்லணும்கிறா, மச்சான் வேண்டாம்கிறார்.

தாதி மங்கை

நீச்சலுக்குப் பிறகு அன்னைக்கு ராத்திரியும் பாருங்க தம்பி. தசைகள் தங்ககிட்டத் தீர்ந்து போன சர்க்கரையை ரத்தத்துலேர்ந்து மெல்ல மெல்ல இழுத்துக்கும், லோ நள்ளிரவுல கூட வரும். படுக்கும் முன்னாடி எவ்வளவு இருந்தா என்ன சாப்பிடணும், ராத்திரி ஊசியைக் குறைக்கணுமான்னு அவன் குழுகிட்ட இப்பவே கேட்டு வைங்க. மயங்கிட்டா வாயில எதுவும் போடக் கூடாது, சுகரை ஏத்துற குளுக்ககான் மருந்தை மருத்துவமனையில கொடுத்திருந்தா அதைப் போட்டுட்டு, 995க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடணும். இதை வீட்ல இருக்கிற எல்லாப் பெரியவங்களும் தெரிஞ்சு வச்சிருக்கணும், பையன் அட்டையில இது வேண்டாம்.

பாலிடெக் நிலா

வகுப்புல சொல்றது பத்தி: எங்க டீச்சர் எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வச்சுச் சொன்னாங்க, ஒரு மாசம் எல்லாரும் என் கையையே பார்த்தாங்க. எனக்குப் பிடிக்கலை. ரிசஸ்ல பக்கத்துல உட்காரும் ரெண்டு பேர்கிட்ட அவனே சொன்னாப் போதும்னு நான் நினைக்கிறேன்.

ஜூரோங் வெஸ்ட் அப்பா

எங்களுக்கு நேர்மாறா இருந்தது. சொல்லாம விட்டோம். மக கேன்டீன்ல மிட்டாய் திங்கிறான்னு ஒரு பிள்ளை டீச்சர்கிட்டப் போய் மாட்டி விட்டுருச்சு, டீச்சரும் பிடுங்கிட்டாங்க. அவ லோவுல இருந்தா. வகுப்புக்குச் சொல்றதோ இல்லையோ, பாடம் எடுக்கிற எல்லா ஆசிரியருக்கும் கேன்டீன்ல நிக்கிறவங்களுக்கும் கண்டிப்பாத் தெரியணும்.

தெலுக் பிளாங்கா கவிதா

மங்கை அக்கா, தங்கச்சி பொண்ணுக்கு 5 வயசு, 18 கிலோ. மாத்திரையை மெல்லவே மாட்டேங்கிறா, துப்பிடுறா. அவளுக்கும் பை வாங்கலாம்னு பார்த்தேன். உள்ள என்ன வைக்கிறது?

தாதி மங்கை

18 கிலோவுக்கு அஞ்சரை கிராம் கிட்ட வரும் கவிதா. குளுக்கோஸ் பொடியைத் தராசுல 6 கிராம் எடை போட்டு, சின்னச் சின்னக் காத்துப் புகாத டப்பாவுல தனித்தனியா வச்சிரலாம், கூடவே ஒரு சின்னத் தண்ணி பாட்டில். ரெண்டு வாய்த் தண்ணியில கரைச்சுக் கொடுக்கணும். 100 மில்லிக்கு 10 கிராம் இருக்கிற பானம்னா 60 மில்லி. எதுக்கும் முதல்ல அவளோட குழுகிட்ட இந்த அளவைக் காட்டிடுங்க. அஞ்சு வயசுல தானே சரி பண்ணிக்குவான்னு எதிர்பார்க்க முடியாது. ‘எனக்கு ஒரு மாதிரி இருக்கு’ன்னு சொல்லிட்டு அந்த டப்பாவை யாராவது பெரியவர் கையில கொண்டு போய்க் கொடுக்கிறதுதான் அவ வேலை. டப்பா நிறத்தை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க, எல்லா டப்பாவும் ஒரே நிறமா இருக்கட்டும். பாலர் பள்ளி ஆசிரியருக்கும் அந்த நிறத்தைச் சொல்லி வைங்க.